தேங்காய் நெம்பும்போது கத்தி வழுக்கினால்

ஓட்டிலிருந்து தேங்காயைப் பெயர்த்தெடுக்க நம் வீடுகளில் கையாளும் முறை விரல்களுக்கு நல்லதில்லை. மூடியை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கூர்முனைக் கத்தியை ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே செருகி நெம்புகிறோம். ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும் பத்தை சட்டென்று கழலும்போது, அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த பலம் முழுவதும் கத்தியோடு முன்னால் பாய்கிறது. அங்கே இருப்பவை, மூடியைச் சுற்றி வளைந்து பிடித்திருக்கும் இடது கை விரல்கள். மேலை நாடுகளில் அவகாடோ பழத்தைக் கையில் வைத்துக் கொட்டையை நீக்கும்போது இதே காயம் ஏற்படுகிறது. அங்குள்ள கை அறுவை மருத்துவர்கள் அதற்கு ‘அவகாடோ கை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அதைத் ‘தேங்காய்க் கை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெங்காயம், கேரட் நறுக்கும்போது வரும் வெட்டு வேறு வகை. அது பெரும்பாலும் விரல் நுனியில், நகத்தை ஒட்டிய சதையில் படுகிறது. எரியும், ரத்தம் கொட்டும், ஒரு வாரம் சாம்பார் கரண்டி பிடிக்கவே தொல்லையாக இருக்கும். ஆனால் விரலின் கடைசி மடிப்பு ரேகையைத் தாண்டி நுனியில் மட்டும் பட்ட வெட்டு, விரலை மடக்கும் நாணைத் தொடுவது அரிது. பயப்பட வேண்டிய இடம், அந்தக் கடைசி ரேகைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, விரலின் உட்பக்கம். குத்துவது போலவோ குறுக்காகவோ கத்தி அங்கே இறங்கினால், மேலே தெரியும் காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உள்ளே என்ன அறுந்தது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அந்த இடத்தில் தோலுக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். விரலை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வெள்ளை வெளேரென்ற கயிறு போன்ற தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரலுக்குள் வருகின்றன. இதைத்தான் மருத்துவர்கள் டெண்டன் என்கிறார்கள். கட்டை விரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் இப்படி இரண்டு நாண்கள். ஒன்று விரலின் நடு எலும்போடு நின்றுவிடும். அது நடு மூட்டை மடக்குகிறது. மற்றொன்று நுனி எலும்பு வரை போகும். அதுதான் நுனி மூட்டை மடக்குகிறது, நடு மூட்டை மடக்கவும் கைகொடுக்கிறது. கட்டை விரலுக்கு நீண்ட நாண் ஒன்றே ஒன்றுதான். இந்த நாண்கள், சைக்கிளின் பிரேக் கம்பி அதன் உறைக்குள் ஓடுவதைப் போல, வழுவழுப்பான உறைக்குள், எலும்போடு ஒட்டிய சிறு வளையங்களின் அடியில் ஓடுகின்றன.

விரலின் இரு ஓரங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உணர்வு நரம்புகளும், அவற்றை ஒட்டியே இரண்டு ரத்தக் குழாய்களும் போகின்றன. ஒவ்வொரு நரம்பும் விரல் நுனிச் சதையின் பாதிக்கு உணர்வு தருகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விரலின் உட்பக்கத்திலிருந்து பார்த்தால் நரம்பு முதலிலும் ரத்தக் குழாய் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. ஆகவே உட்பக்கமாக இறங்கிய கத்தி ரத்தக் குழாயை எட்டி, ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சியடித்தால், வழியில் இருந்த நரம்பை அது விட்டு வைத்திருக்க வாய்ப்புக் குறைவு. ‘ரத்தம்தான் நின்றுவிட்டதே’ என்று நிம்மதி அடைவதற்கு முன்னால், ரத்தம் எப்படி வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தக் காயங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்த கற்பனை ஆள்தான் அவர். ஞாயிற்றுக்கிழமை காலை, சட்னிக்குத் தேங்காய் நெம்புகிறார். கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில், நடு மடிப்பு ரேகைக்குக் கொஞ்சம் கீழே, கட்டை விரலைப் பார்த்த ஓரத்தில் இறங்குகிறது. வெட்டு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ரத்தம் பீய்ச்சியடித்துச் சுவரில் தெறிக்கிறது. கணவர் துணியை வைத்து அழுத்திக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்.

“விரலை மடக்குங்கம்மா.”

அவர் மடக்குகிறார். வலியோடு என்றாலும் விரல் மடங்குகிறது.

“மடங்குதுல்ல, ஒண்ணும் பயமில்ல. மூணு தையல் போட்டாப் போதும்.”

மரத்துப்போக ஊசி, மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. அன்றிரவு விரலின் ஓரம் மரத்துக் கிடக்கிறது. ஊசியின் வேலை என்று விட்டுவிடுகிறார். அடுத்த நாட்களில் கட்டு பெரிதாக இருப்பதால் விரலை மடக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. பத்தாம் நாள் தையல் பிரித்த பிறகு காபி டம்ளரைப் பிடிக்கும்போதுதான் தெரிகிறது, விரலின் நுனி மடங்கவே இல்லை. கட்டை விரல் பக்கத்து ஓரத்தில் சூடும் தெரியவில்லை.

இதில் என்ன நடந்தது? அவர் கிளினிக்கில் விரலை மடக்கியது பொய்யில்லை. நடு மூட்டு வரை போகும் நாண் தப்பிவிட்டது, அது மடக்கியது. நுனி வரை போகும் நாண் அறுந்துவிட்டது. இரண்டு நாண்களும் விரலின் அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் மேலே இருக்கும் நாண் இரண்டாகப் பிளந்து, கீழே இருப்பதைத் தன் நடுவே மேலேறி வர விடுகிறது. அந்த இடத்துக்கு மேலே கத்தி பட்டால் நுனி நாண் மட்டும் தனியாக அறுபட முடியும். ‘விரலை மடக்குங்க’ என்ற ஒரே கேள்வி இதைக் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று பார்ப்போம். ரத்தத்தை அழுத்தி நிறுத்திய பிறகு, முதலில் விரலைத் தொடாமலே பார்க்க வேண்டும். கையை மேசை மேல் உள்ளங்கை மேலே பார்க்கத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நல்ல கையில் விரல்கள் நேராக நிற்பதில்லை. ஆள்காட்டி விரல் கொஞ்சமாக வளைந்திருக்கும், நடுவிரல் அதைவிடக் கொஞ்சம் அதிகம், மோதிர விரல் இன்னும் அதிகம், சுண்டு விரல்தான் எல்லாவற்றையும் விட. இந்த வரிசையில் ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு தனியாகத் தெரிந்தால், அதன் மடக்கும் நாண்கள் இரண்டும் அறுந்திருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். நுனி மட்டும் நேராக நின்றால் நுனி நாண் போயிருக்கிறது. அடுத்த கையை அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் எதையும் செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. அங்கே இந்தப் பார்வை ஒன்றுதான் கைகொடுக்கும். தூங்கும் குழந்தையின் கையில்கூட இதைப் பார்க்கலாம்.

வலியால் விரலை அசைக்கவே மறுப்பவர்களுக்கு மருத்துவர் செய்யும் இன்னொரு சோதனை இருக்கிறது. மணிக்கட்டை மெதுவாகப் பின்னால் வளைத்தால் விரல்கள் தாமாகவே மடங்கும். மணிக்கட்டை முன்னால் தொங்கவிட்டால் தாமாகவே நீளும். நாண்களின் இழுப்புத்தான் காரணம். நோயாளி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதில் கலந்துகொள்ளாத விரல்தான் குற்றவாளி.

அதன் பிறகு அசைவு. அடிபட்ட விரலின் நடுப்பகுதியை இரு பக்கமும் பிடித்து நேராக நிறுத்திக்கொண்டு, “நுனியை மட்டும் மடக்குங்க” என்று கேட்க வேண்டும். மடங்காவிட்டால் நுனி நாணின் மேல் சந்தேகம். நடு மூட்டு நாணைத் தனியாகச் சோதிப்பது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் நுனி நாணும் அந்த மூட்டை மடக்கிவிடும். அதனால் மற்ற மூன்று விரல்களையும் நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுனி நாண்கள் பெரும்பாலும் ஒரே தசைக் கூட்டத்திலிருந்து வருபவை என்பதால், மூன்றைப் பிடித்துவிட்டால் நான்காவதும் செயலிழந்து நிற்கும். அப்போதும் அடிபட்ட விரலின் நடு மூட்டு மடங்கினால், அதன் நாண் நன்றாக இருக்கிறது. ஆள்காட்டி விரலிலும் சுண்டு விரலிலும் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். ஆள்காட்டி விரலின் நுனி நாண் பலருக்குத் தனித்து இயங்குகிறது. சுண்டு விரலின் நடு நாண் சிலருக்கு இயல்பிலேயே சரியாக வேலை செய்வதில்லை. அடிபடாத கையிலும் அதையே செய்து பார்த்தால் குழப்பம் தீரும்.

இதையெல்லாம் மெதுவாகச் செய்ய வேண்டும். முறுக்கிப் பிடி, பலமாக இழு என்று யாரும் பரிசோதிக்கக் கூடாது. நாண் பாதி மட்டும் அறுந்திருக்கும்போது விரல் மடங்கத்தான் செய்யும். ஆனால் லேசாக எதிர்த்துப் பிடித்தாலே சுருக்கென்று வலிக்கும், அல்லது பலமில்லாமல் தளரும். அந்த மிச்சப் பாதியைப் பலம் காட்டச் சொல்லி நாமே அறுத்துவிடக் கூடாது. எல்லா அசைவும் சரியாக இருந்தும், எதிர்ப்புக் கொடுத்தால் மட்டும் வலித்தால் அதுவே கை அறுவை மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். பாதிக்கு மேல் அறுந்திருந்தால் பொதுவாகத் தைத்துவிடுவார்கள். அதற்குக் குறைவு என்றால் பல நேரங்களில் பாதுகாத்தபடி ஆற விடுவார்கள். அந்த அளவை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கண்ணாடித் துண்டு தெரியும், நாண் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதை நாணுக்கும் சேர்த்த சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காயத்துக்குள் எட்டிப் பார்ப்பதும் சில நேரம் ஏமாற்றும். தேங்காயைப் பிடித்திருக்கும்போது விரல்கள் மடங்கியிருந்தன. நாண் அறுந்தது அந்த நிலையில். பிறகு மருத்துவர் விரலை நீட்டிப் பார்க்கும்போது, நாணின் நுனிப்பக்கத் துண்டு முன்னால் நகர்ந்து தோல் காயத்துக்கு அப்பால் மறைந்துகொள்கிறது. மறுபக்கத் துண்டைத் தசை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்கிறது. காயத்தில் பார்த்தால் ‘எதுவும் அறுந்ததாகத் தெரியவில்லை’ என்றுதான் தோன்றும். அனுபவமுள்ளவர், “வெட்டுப்பட்டப்போ விரல் எப்படி இருந்துச்சு?” என்று முதலிலேயே கேட்பது இதற்காகத்தான்.

அடுத்தது உணர்வு. இங்கே விதி ஒன்றுதான், ஆனால் மிகக் கண்டிப்பானது: மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு நரம்பு அறுந்ததா, ஊசியால் மரத்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். நம் கற்பனைப் பெண்ணின் கதையில் நழுவிப்போனது இந்த ஐந்து நிமிடம்தான். அவரே கேட்டிருக்கலாம்: “டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க, மரத்த மாதிரி இருக்கு.” எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொட்டுப் பார்ப்பதற்குப் பஞ்சுத் திரியோ, கைக்குட்டையின் முனையோ போதும். விரல் நுனிச் சதையின் இடது பாதி, வலது பாதி இரண்டையும் தனித்தனியாக, மிக லேசாகத் தொட வேண்டும். அழுத்தித் தொட்டால் அழுத்தம் மறுபாதிக்குப் பரவி, மரத்த பக்கமும் உணர்வதாகத் தோன்றும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, “தெரியுதா?” என்று மட்டும் கேட்காமல், “இந்தக் கையிலயும் அந்தக் கையிலயும் ஒரே மாதிரி இருக்கா?” என்று கேட்க வேண்டும். ‘தெரியுது, ஆனா துணிமேல தொட்ட மாதிரி இருக்கு’ என்பது வழக்கமான பதில். அந்த ‘ஆனா’வை வீக்கத்தின் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. வீக்கமும் வலியும் விரல் முழுக்க இருக்கலாம். நுனியின் சரியாக ஒரு பாதி மட்டும், அதுவும் வெட்டுப்பட்ட ஓரத்துப் பாதி மட்டும் மந்தமாக இருப்பது நரம்பின் கையெழுத்து.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதன் இரு முனைகளையும் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியில் வளைத்துக்கொண்டும் பார்க்கலாம். நல்ல விரல் நுனி அதை இரண்டு புள்ளி என்று சொல்லிவிடும். நரம்பு அறுந்த பாதிக்கு அது ஒன்றாகத்தான் தெரியும். பேசத் தெரியாத குழந்தைக்கு மருத்துவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். நரம்பு அறுந்த தோல் வியர்க்காது. அந்தப் பாதி மட்டும் காய்ந்து வழுவழுப்பாக இருக்கும், பிளாஸ்டிக் பேனாவை மேலே இழுத்தால் பிடிப்பில்லாமல் நழுவும். காயம் ஆறிய பிறகு வெதுவெதுப்பான நீரில் விரலை அரை மணி நேரம் ஊற வைத்தால் மற்ற விரல்கள் சுருங்கும், அந்த இடம் மட்டும் சுருங்காது. பிள்ளையைக் குளிப்பாட்டும் அம்மா ஒருவர் இதைத் தற்செயலாகப் பார்த்துவிடலாம்.

புறங்கைப் பக்கத்து வெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே விரலை நீட்டும் நாண் தட்டையாக, மெல்லியதாக, தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. நுனி மூட்டின் மேல் அறுந்தால் நுனி தொங்கிப்போகும், தானாக நிமிராது. நடு மூட்டின் மேல் அறுந்தால் ஏமாற்று வேலை அதிகம்: முதல் நாட்களில் பக்கவாட்டு நாண்களின் உதவியால் விரல் நீளும், ஒன்றிரண்டு வாரம் போன பிறகு நடு மூட்டு மெல்ல மடங்கி அப்படியே நின்றுவிடும். மூட்டின் நேர்மேலே ஆழமான வெட்டு என்றால் மூட்டே திறந்திருக்கலாம். அதை அறுவை அரங்கில் வைத்துக் கழுவ வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம் இருந்தால் முதலில் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நடுவில் நடுவில் திறந்து பார்த்தால் ரத்தம் நிற்காது. விரலின் அடியில் நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டக் கூடாது; கட்டியதை மறந்து விரலையே இழந்தவர்கள் உண்டு. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் எல்லாவற்றையும் கழுவி எடுத்த பிறகுதான் உள்ளே பார்க்க முடியும். டி.டி. ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் அழுக்கானது என்றால் ஐந்து வருடமே எல்லை.

சரி, எவ்வளவு அவசரம்? அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் வெளுத்தோ நீலமாகியோ சில்லிட்டுப் போனாலோ, விரலின் ஒரு பகுதி துண்டாகிவிட்டாலோ அது மணிக்கணக்கு அவசரம். அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். நாணோ நரம்போ மட்டும் அறுந்திருந்தால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. காயத்தை நன்றாகக் கழுவி, தோலை மட்டும் தைத்து, விரல் அசையாமல் கட்டுப் போட்டு, அடுத்த ஓரிரு நாளில் கை அறுவை மருத்துவரிடம் அனுப்பினால் போதும். தோலை மட்டும் தைத்ததற்காகத் தெருமுனை டாக்டரைக் குறை சொல்லக் கூடாது. உள்ளே அறுந்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பினாரா என்பதுதான் கேள்வி. ஒரு வாரத்துக்குள் தைத்துவிட்டால் நல்லது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் வேலை கடினமாகிறது. மூன்று, நான்கு வாரம் ஆகிவிட்டால் தசை சுருங்கி, நாண் ஓடிய உறை மூடிக்கொண்டு, முனைகளை நேராகச் சேர்க்கவே முடியாமல் போகலாம்.

போக வேண்டிய இடம் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவைத் துறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறையைக் கேட்டுப் போகலாம். அழகு சிகிச்சைக்கான இடம் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் சிதைந்த கைகளைத் தைப்பது அங்கே அன்றாட வேலை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண்களை இடம் மாற்றித் தைத்துக் காட்டினார். கோவை கங்கா மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவுக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள்.

நம் பெண்மணி பன்னிரண்டாம் நாள் அப்படி ஒரு துறைக்குப் போய்ச்சேர்கிறார். கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் நேரடியாகத் தைக்க முயலலாம். அவருடைய வெட்டு விழுந்த பகுதிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல், குறுகிய உறைக்குள் இரண்டு நாண்கள் நெருக்கியடிக்கும் இந்தப் பகுதியை யாரும் கால்வைக்கக் கூடாத நிலம் என்ற பொருளில் அழைத்தார். அங்கே தைத்தால் நாண் சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். ஆகவே தோலை மூடிவிட்டு, பிறகு வேறு நாணை எடுத்து ஒட்டுவதே மேல் என்பது அக்காலத்துப் பாடம். 1960களில் லூயிவில் நகரத்து ஹரால்ட் கிளைனெர்ட் போன்றவர்கள், அங்கேயும் உடனே தைத்து, விரலைச் சீக்கிரமே அசைக்க வைத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டிய பிறகு அந்தப் பாடம் மாறியது.

அறுவைக்கு முழு மயக்கம் தேவையில்லை; பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் காயத்தை மேலும் கீழும் குறுக்கும் மறுக்குமாக நீட்டித் திறப்பார்கள். ‘சின்னக் காயத்தை இவ்வளவு பெரிசாக்கிட்டாங்களே’ என்று உறவினர்கள் வருந்துவது இதைப் பார்த்துத்தான். விரலின் மூட்டு மடிப்புகளை நேர்கோட்டில் வெட்டினால் தழும்பு இறுகி விரலை வளைத்துவிடும், அதனால்தான் இந்தக் கோணல் கோடு. உள்ளங்கைக்குள் ஓடிப்போன நாண் முனையைத் தேடிப் பிடித்து, வளையங்களுக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து, உள்ளே பலமான கரையாத நூலாலும் விளிம்பைச் சுற்றி மெல்லிய நூலாலும் தைக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் நரம்பு முனைகளைச் சேர்க்கிறார்கள்.

அறுவையோடு வேலை முடிவதில்லை. விரலை முழுவதும் நீட்ட விடாமல் தடுக்கும் ஸ்பிளின்ட் ஒன்றைப் புறங்கைப் பக்கம் போட்டு, பெரும்பாலும் ஆறு வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள்ளேயே, முதல் வாரத்திலிருந்தே, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு மட்டும் விரலை அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் நாண் ஒட்டிக்கொள்ளும். அதிகமாக அசைத்தால் தையல் அறுந்துவிடும். முதல் சில வாரங்களில் நாண் மிகப் பலவீனமாக இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் வீட்டில், “கை நல்லாத்தானே இருக்கு, அந்தக் குடத்தைக் கொஞ்சம் பிடி” என்பார்கள். ‘டப்’ என்ற உணர்வோடு விரல் மறுபடி நேராகிப்போனால் தையல் அறுந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குடம், கேஸ் சிலிண்டர் போன்ற கனத்தைத் தூக்க மூன்று மாதம் ஆகும்.

நரம்பு இன்னும் மெதுவான விஷயம். தைத்த இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது, அதுவும் தொடங்குவதற்குச் சில வாரம் எடுத்துக்கொண்டு. இவருடைய வெட்டிலிருந்து விரல் நுனி வரை ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால், நுனியில் உணர்வு எட்டிப்பார்க்க மூன்று மாதமாவது ஆகும். நடுவில் ஊசி குத்துவது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் இருக்கும். பயப்பட வேண்டாம், அது வளர்ச்சிதான். பெரியவர்களுக்கு உணர்வு பழைய கூர்மைக்கு முழுவதும் திரும்புவது அரிது, பயன்படும் அளவுக்கு வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலிப்பது நெடுநாள் நீடிக்கலாம். மரத்திருக்கும் காலத்தில் அந்த விரலால் பாத்திரம் சூடா என்று தொட்டுப் பார்க்கக் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும்.

மாதக்கணக்கு தாண்டி வருபவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் நீண்ட வழி. முதல் அறுவையில் சிலிக்கான் கம்பி ஒன்றை வைத்து நாண் ஓடுவதற்கான உறையை உருவாக்கி, சில மாதம் கழித்து மணிக்கட்டிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த நாணை அதன் இடத்தில் ஒட்டுவார்கள். நடு மூட்டு நன்றாக மடங்கி நுனி மட்டும் மடங்காத ஒருவருக்கு, எதுவும் செய்யாமல் விடுவதோ, நுனி மூட்டைக் கொஞ்சம் வளைந்த நிலையில் நிரந்தரமாக நிறுத்திவிடுவதோ மேலாக இருக்கலாம். நன்றாக இயங்கும் நாணைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இல்லை. அறுந்த நரம்பின் முனை உருண்டு திரண்டு, தொட்டால் மின்சாரம் அடிக்கும் சிறு கட்டியாகியிருந்தால் அதையும் சரிசெய்ய முடியும். ஆள்காட்டி விரலில் கட்டை விரல் பக்கத்து நரம்பு, பொட்டு வைக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் தேவைப்படுவது. அதன் இரு முனைகளும் விலகிப் போயிருந்தால், காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ ஒரு மெல்லிய நரம்பை எடுத்து நடுவில் வைத்துத் தைப்பார்கள். எடுத்த இடத்தில் தோலின் ஒரு சிறு பகுதி மரத்திருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிக்கலாம்.